அந்தச் சிறுமி யார்? 12 நிமிடக் குறும்படத்தில் பிளாஷ்பேக்கை அமைப்பது பற்றி

குறும்படத்தில் பிளாஷ்பேக் வைக்கும் இயக்குநர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். இது பழைய காலம் என்பது பார்ப்பவர்களுக்குத் தெரியுமா என்பதே அந்தக் கேள்வி. அதற்காக நிறத்தை மங்கலாக்குகிறார்கள், ஒரு காட்சி மெல்லக் கரைந்து அடுத்தது தோன்றும் டிசால்வ் போடுகிறார்கள், திரையில் ஆண்டை எழுதுகிறார்கள். மும்பையில் படத்தொகுப்பு வேலை செய்துகொண்டு, தாராவியிலும் செம்பூரிலும் உள்ள தமிழ் இளைஞர்கள் எடுக்கும் குறும்படங்களையும் தொகுத்துக் கொடுத்துவரும் எனக்கு, அந்தக் கவலை வேறோர் இடத்தில் இருக்க வேண்டியது என்றே தோன்றுகிறது. காலம் மாறிவிட்டது என்பதைப் பார்வையாளர்கள் எளிதில் உணர்ந்துகொள்கிறார்கள். அவர்கள் தடுமாறுவது ஆட்களிடம்தான். இந்தச் சிறுமி யார், இந்த ஆள் அவளுக்கு என்ன உறவு, சற்று முன் பார்த்த பெண்ணுக்கும் இவர்களுக்கும் என்ன தொடர்பு என்ற கேள்விகளுக்கு முதல் சில நொடிகளில் விடை கிடைக்காவிட்டால், காலத்தை எவ்வளவு தெளிவாகச் சொன்னாலும் பயனில்லை.

இதைப் பொதுவாகப் பேசுவதைவிட, நண்பர் ஒருவர் எழுதி இயக்கி, நான் தொகுத்த ஒரு படத்தை எடுத்துக்கொண்டு பேசுவது நல்லது. படத்தின் நீளம் 12 நிமிடம். தாராவியில் இட்லி அவித்து விற்றுவந்த குடும்பத்தில் பிறந்த செண்பகம், 29 வயதில், தந்தை இறந்த பிறகு அவருடைய அறையைக் காலி செய்ய வருகிறாள். மூலையில் மாவரைக்கும் பெரிய கிரைண்டர் ஒன்று கிடக்கிறது. பழைய இரும்புக் கடைக்காரர் வந்து அதற்கு விலை பேசுகிறார். அந்தக் கிரைண்டர் மீது அவளுக்கு நெடுநாளாகக் கோபம் உண்டு. 2005 ஜூலை 26 அன்று மும்பையில் வெள்ளம் வந்தபோது, பள்ளியில் மாட்டிக்கொண்ட தன்னை அழைத்துவர வராமல், தந்தை கிரைண்டரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார் என்பது அவள் நம்பிக்கை. அன்று உண்மையில் என்ன நடந்தது என்பதைப் பக்கத்து வீட்டுப் பெரியம்மா சொல்கிறாள். ஆக, ஒரே நாளின் நிகழ்வு இரண்டு முறை திரையில் வருகிறது. முதலில் செண்பகத்தின் நினைவாக வருகிறது, பிறகு பெரியம்மாவின் சொல்லாக வருகிறது.

முதலில் தொகுத்த வடிவத்தை, அதாவது முதல் வெட்டைப் பார்த்தவர்களிடம் ஒரு விசித்திரமான புரிதல் ஏற்பட்டிருந்தது. மழையில் பள்ளி வாசலில் நிற்கும் 11 வயதுச் சிறுமியைச் செண்பகத்தின் மகள் என்று பலர் நினைத்தார்கள். கிரைண்டரைத் தூக்கும் மனிதரை அவளுடைய கணவர் என்று எடுத்துக்கொண்டார்கள். இறந்துபோன கணவரின் பொருட்களை ஒரு பெண் விற்கிறாள், மகள் எங்கோ பள்ளியில் இருக்கிறாள் என்று அவர்களாகவே ஒரு கதையைக் கட்டிக்கொண்டு, அதை நம்பிப் பாதிப் படம்வரை வந்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஏறத்தாழ 30 வயதுப் பெண்ணையும், அடுத்து ஒரு சிறுமியையும், அந்தப் பெண்ணின் வயதொத்த ஆணையும் காட்டினால், மனம் முதலில் தேடும் உறவு குடும்பமாகத்தான் இருக்கும். அவர்கள் இது பழைய நிகழ்வு என்பதைக்கூட ஏற்றுக்கொண்டார்கள், ஆனால் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முந்தையது என்று வைத்துக்கொண்டார்கள்.

இதற்குக் காரணம் சுவரில் மாட்டியிருந்த படம். நிகழ்காலக் காட்சியில் தந்தையின் படத்துக்கு மாலை போட்டு, அதன் மேல் சிறிய சிவப்பு விளக்கு எரியவிட்டிருந்தார்கள். நம் வீடுகளில் மாலை போட்ட படம் என்றால் அந்த மனிதர் இல்லை என்று சிறு குழந்தைக்கும் தெரியும். ஆகவே, அந்த முகம் அடுத்த ஷாட்டில் உயிரோடு நடமாடினால், அது பழைய காலம் என்பதை எந்த எழுத்தும் இல்லாமல் பார்வையாளர் அறிந்துகொள்வார். தமிழ்ப் பார்வையாளர்களுக்குப் படம் எடுப்பவருக்குக் கையில் கிடைத்திருக்கும் மிக மலிவான, மிக உறுதியான காலக் குறிப்பு இதுதான் என்று நான் கருதுகிறேன். ஆனால் இந்தப் படத்தில் அந்தக் குறிப்பு வேலை செய்யவில்லை. சுவரில் இருந்த படத்தில் தந்தைக்கு நரைத்த தலை, மூக்குக் கண்ணாடி, ஒட்டிய கன்னம். நடிகருக்கு வயதான ஒப்பனை போட்டு எடுத்த படம் அது. பிளாஷ்பேக்கில் அவரே கறுத்த மீசையோடு, சட்டைக் கையை மடித்துவிட்டு வருகிறார். இரண்டு முகங்களையும் ஒன்றாகக் காண யாராலும் முடியவில்லை. ஆகவே, சுவரில் இருப்பவர் ஒருவர், மழையில் நிற்பவர் வேறொருவர் என்று ஆகிவிட்டது.

தீர்வு எளிமையானது. சுவரில் இளவயதுப் படத்தை மாட்டினோம். அதற்குக் கதையிலேயே நியாயம் இருக்கிறது. இப்படிப்பட்ட வீடுகளில் இறந்தவருக்கென்று தனியாக எடுத்த படம் இருப்பதில்லை. எப்போதோ ஸ்டுடியோவில் எடுத்த ஒரே படத்தைத்தான் பெரிதாக்கி மாட்டுவார்கள். பிளாஷ்பேக்கில் வரும் அதே மீசை, அதே நெற்றித் திருநீறு, அதே கட்டம் போட்ட சட்டையோடு நடிகரைப் புகைப்படம் எடுத்து, சுவரில் மாட்டி, ஒரு காலை நேரத்தில் அந்த ஷாட்டை மட்டும் மறுபடி எடுத்தோம். அதன் பிறகு இன்னொன்றையும் செய்ய வேண்டியிருந்தது. பழைய வெட்டில் அந்தப் படம் அகன்ற ஷாட்டின் ஓரத்தில்தான் தெரிந்தது. பெரிய திரையில் போதுமாக இருக்கலாம், ஆனால் கைப்பேசியில் பார்ப்பவருக்கு அது ஒரு சிறு புள்ளி. ஆகவே செண்பகம் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி, தூசியைத் துடைத்து, தரையில் சாய்த்து வைக்கும் செயலாக அதை மாற்றினோம். முகம் அண்மைக் காட்சியில் இரண்டரை நொடி இருக்கிறது. ஒரு முகத்தை மனத்தில் பதித்துக்கொள்ள அதற்கு மேல் தேவையில்லை, அதற்குக் குறைந்தால் போதாது என்பது என் அனுபவம்.

தந்தையின் அடையாளம் நிலைபெற்ற பிறகும் சிறுமியின் அடையாளம் தனியே மிச்சம் இருந்தது. இரண்டு நடிகைகளின் முகச்சாயல் ஒத்திருக்கிறது என்று இயக்குநர் நம்பியிருந்தார். முகச்சாயலை நம்பிப் படத்தைக் கட்டக்கூடாது. படப்பிடிப்பில் இருவரையும் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கும் நமக்குத் தெரியும் ஒற்றுமை, ஒருவர் மறைந்து மற்றவர் வரும் திரையில் தெரியாது. புருவத்தில் தழும்பு வைப்பது பலரும் செய்வது. அதுவும் அண்மைக் காட்சியில்தான் உதவும். இதைவிடப் பெயர் வலிமையானது. நிகழ்காலத்தின் முதல் நிமிடத்திலேயே பெரியம்மா வாசலில் நின்று, ‘ஏட்டி பாப்பா, வந்துட்டியா?’ என்று கூப்பிடுவதாக வைத்தோம். 29 வயதுப் பெண்ணைப் பாப்பா என்று கூப்பிடுவது திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்களில் இயல்பு என்பதால் அது யாருடைய காதையும் உறுத்தவில்லை, ஆனால் மனத்தில் தங்கிவிட்டது. பிளாஷ்பேக்கின் முதல் வசனமே அதே சொல். பள்ளிக்கு எதிரேயுள்ள கடைக்காரர் அந்தச் சிறுமியிடம், ‘பாப்பா, வீட்டுக்குப் போன் பண்ணுதியா?’ என்று கேட்கிறார். முகம் சொல்லாததைக் காது சொல்லிவிட்டது.

இங்கே ஒரு ஒழுங்கைக் கவனிக்க வேண்டும். அடையாளத்தைத் தரும் எந்தப் பொருளும், எந்தச் சொல்லும் நிகழ்காலத்தில் முன்கூட்டியே வந்திருக்க வேண்டும். பிளாஷ்பேக்குக்குள் முதன்முறையாக வருவது அடையாளம் ஆகாது. அது வெறும் புதுத் தகவல். இதனால்தான் குறும்படம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும், நிகழ்காலத்துக்கு உறுதியான இடம் கொடுக்காமல் பின்னால் போகக்கூடாது என்று சொல்கிறேன். பார்வையாளர் முதலில் பார்க்கும் காலத்தையே ‘இப்போது’ என்று எடுத்துக்கொள்கிறார். மழையில் நிற்கும் சிறுமியோடு படத்தைத் தொடங்கி, பிறகு செண்பகத்துக்கு வருவது அழகாக இருக்கும் என்று இயக்குநர் சொன்னார். அப்படிச் செய்தால் மழையே நிகழ்காலம் ஆகிவிடும், செண்பகம் எதிர்காலத்திலிருந்து வந்தவளாக ஆகிவிடுவாள், படத்தின் எடையும் அவளிடமிருந்து நழுவிவிடும். 12 நிமிடத்தில் முதல் இரண்டரை நிமிடத்தை முழுவதுமாக அறைக்கும், சுவரில் மாட்டிய படத்துக்கும், கிரைண்டருக்கும், பெரியம்மாவுக்கும், இரும்புக் கடைக்காரருக்கும் கொடுத்தோம். அது நீளம் என்று பட்டது உண்மை. ஆனால் அந்த இரண்டரை நிமிடத்தில் விதைத்ததைத்தான் மீதிப் படம் முழுவதும் அறுவடை செய்கிறோம்.

இப்போது காலத்துக்கு வருகிறேன். திரைக்கதை நிலையில் இயக்குநரிடம் நான் பிடிவாதமாகக் கேட்டு வாங்கிய ஒரே மாற்றம் பருவம். முதலில் எழுதியபோது நிகழ்காலமும் மழைக்காலமாகவே இருந்தது. வெளியே மழை பெய்கிறது, அதைப் பார்த்துச் செண்பகத்துக்குப் பழைய மழை நினைவுக்கு வருகிறது. காகிதத்தில் இது இயல்பாகத் தோன்றும். திரையில் அது இரண்டு காலங்களுக்கும் ஒரே ஒளியையும் ஒரே ஓசையையும் கொடுத்து, பிரிக்க வேண்டியதைக் கலந்துவிடும். நிகழ்காலத்தை 2023 ஏப்ரலுக்கு மாற்றினோம். மேலே மின்விசிறி சுற்றுகிறது, கதவு வழியே கூசும் வெயில் அடிக்கிறது, எல்லோரும் வியர்த்துக் கொட்டுகிறார்கள். பழைய காலத்தில் மழையும் இருட்டும் நீரும். எந்த ஒரு ஷாட்டைத் தனியே எடுத்துக் காட்டினாலும், ஒலியை மட்டும் தனியே கேட்கவைத்தாலும், அது எந்தக் காலம் என்பதைச் சொல்லிவிடலாம். நிறத்திருத்தத்தில் பழைய காலத்துக்குச் சற்றுக் குளிர்ந்த நீலத்தைச் சேர்த்தோம் என்றாலும் அதை நம்பி எதையும் விடவில்லை. வெளிச்சத்தைக் குறைத்துவைத்த கைப்பேசியில், ஓடும் மின்சார ரயிலில் பார்ப்பவருக்கு அந்த நீலம் தெரியவே தெரியாது.

பருவத்துக்கு அடுத்தபடியாக ஒரு மும்பைவாசி செய்யும் பிழையான ஊகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜூலை 26 என்றால் இந்த ஊரில் பலருக்கும் விளக்கம் தேவையில்லை. அன்று சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானது. மித்தி ஆறு பெருகிக் கரையோரப் பகுதிகளை மூழ்கடித்தது, ரயில்கள் நின்றன, ஆயிரக்கணக்கானோர் இரவெல்லாம் நடந்தார்கள். ஆனால் அதே நாளில் தெற்கே கொலாபாவில் பதிவானது சுமார் 73 மில்லிமீட்டர்தான். இந்த நகரத்துக்குள்ளேயே அந்த நாளின் நினைவு எல்லோருக்கும் ஒன்றல்ல என்றால், தூத்துக்குடியில் இருந்து பார்ப்பவருக்கு அந்தத் தேதி எதைச் சொல்லும்? சுவரில் ஜூலை 26 காட்டும் நாட்காட்டி ஒன்றை வைத்து, அதன் மீது காமிராவை நகர்த்திக் காலத்தைச் சொல்லிவிட்டோம் என்று நினைத்தால், அது பாதிப் பேருக்குச் செய்தி, மீதிப் பேருக்கு வெறும் காகிதம்.

காலத்தைக் காட்ட வைக்கும் பொருட்களிலும் இதே எச்சரிக்கை வேண்டும். தெருக் காட்சியில் கறுப்பு மஞ்சள் பிரீமியர் பத்மினி டாக்சி ஒன்றைக் கொண்டுவந்தால் பழைய பம்பாய் வந்துவிடும் என்று ஒருவர் யோசனை சொன்னார். அந்த வண்டி இந்த ஊர்ச் சாலைகளிலிருந்து விடைபெற்றது 2023 அக்டோபரில்தான். எங்கள் கதையின் நிகழ்காலமான 2023 ஏப்ரலிலும் அது ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே அது 2005ஐயும் சொல்லாது, 2023ஐயும் சொல்லாது. அதற்குப் பதிலாக நாங்கள் எடுத்துக்கொண்டது கடை வாசலில் தொங்கும் சிவப்பு நிற ஒரு ரூபாய்ப் போன். மும்பையிலும் சரி, நாகர்கோவிலிலும் சரி, அது எந்தக் காலத்தில் இருந்தது, எப்போது மறைந்தது என்று எல்லோருக்கும் ஏறத்தாழத் தெரியும். நாணயம் விழும் ஓசையே ஒரு காலத்தைச் சொல்லும். இன்னொரு காரணத்துக்காகவும் அந்தப் போன் எங்களுக்குத் தேவைப்பட்டது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

திரையில் ‘18 ஆண்டுகளுக்கு முன்பு’ என்று எழுதுவதை நான் எதிர்ப்பவன் அல்ல. அது இழுக்கு என்று சிலர் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. எழுதுவதென்றால் ஆண்டை எழுதாமல் இடைவெளியை எழுதுங்கள் என்று மட்டும் சொல்வேன். ‘2005’ என்று எழுதினால், நிகழ்காலம் எந்த ஆண்டு என்பதை ஏற்கெனவே சொல்லியிருந்தால்தான் பார்வையாளரால் கழித்துப் பார்க்க முடியும். பெரும்பாலான குறும்படங்கள் நிகழ்காலத்தின் ஆண்டைச் சொல்வதில்லை. எப்படி எழுதினாலும், சிறுமி யார் என்ற கேள்விக்கு அந்த எழுத்து விடை தராது.

பின்னால் போவதைவிடத் திரும்பி வருவதில்தான் நுட்பம் அதிகம். நிகழ்காலத்தை எந்த இடத்தில் விட்டுவிட்டுப் போகிறோம் என்பது, எப்படித் திரும்புவோம் என்பதைத் தீர்மானிக்கிறது. ஒரு செயல் முடிந்த பிறகு, பாத்திரம் ஜன்னலை வெறித்துப் பார்க்கும்போது பின்னால் போவது வழக்கம். அப்படிப் போனால் திரும்பி வருவதற்குப் பிடிமானமே இருக்காது, மறுபடி அந்த ஜன்னலைத்தான் காட்ட வேண்டும். எங்கள் படத்தில் இரும்புக் கடைக்காரர், ‘என்னக்கா, வண்டில ஏத்திரட்டுமா?’ என்று கேட்கிறார். செண்பகம் பதில் சொல்லவில்லை. அங்கே வெட்டுகிறோம். இரண்டே கால் நிமிடம் கழித்துத் திரும்பும்போது, படம் மாறுவதற்கு ஏறத்தாழ ஒரு நொடி முன்பே, மழையின் ஓசைக்கு நடுவில் மின்விசிறியின் கிறீச்சொலி கேட்கத் தொடங்குகிறது. அதைத் தொடர்ந்து அவர், ‘அக்கா, ஒங்களத்தான்’ என்கிறார். படம் அந்தச் சொல்லின் மீது வெட்டி வருகிறது. பதில் வராத ஒரு கேள்வி நிகழ்காலத்தில் தொங்கிக்கொண்டிருந்ததால், அதன் தொடர்ச்சியைக் கேட்ட உடனே பார்வையாளர் அறைக்குள் வந்துவிடுகிறார். டிசால்வ் எதுவும் தேவைப்படவில்லை.

போகும்போதும் ஓசைதான் முன்னால் போகிறது, ஆனால் மெதுவாக. மின்விசிறி ஓசையின் மீது மழை சேர்ந்து, இரண்டும் இரண்டு நொடி கலந்து கேட்ட பிறகே படம் மாறுகிறது. போவதற்கும் வருவதற்கும் ஒரே நீளம் கொடுக்க வேண்டும் என்று தொடக்கத்தில் தொகுப்பவர்கள் நினைப்பார்கள். தேவையில்லை. போகும் இடம் பார்வையாளர்க்குப் புதியது, அங்கே கால் ஊன்ற நேரம் வேண்டும். திரும்பும் இடம் அவருக்குத் தெரிந்த இடம்.

இனி இந்தப் படத்தின் மிகக் கடினமான பகுதிக்கு வருகிறேன். ஒரே மாலை நேரம் இரண்டு முறை வருகிறது. முதல் முறை செண்பகத்தின் நினைவில், 11 வயதுச் சிறுமியின் கண்மட்டத்தில் காமிரா இருக்கிறது. அவள் பள்ளிக்கு எதிரேயுள்ள கடையில் நாணயம் போட்டு, தன் வீட்டருகே உள்ள மளிகைக் கடைக்குப் பேசுகிறாள். மறுமுனையில் இரைச்சலுக்கு நடுவே தந்தையின் குரல் கேட்கிறது: ‘லேய், மொதல்ல கிரைண்டரத் தூக்குல!’ இணைப்பு அறுந்துபோகிறது. அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். இரண்டாம் முறை பெரியம்மா சொல்லும்போது, நாம் மறுமுனையில் இருக்கிறோம். இளைஞர்கள் சிலர் கிரைண்டரை மேலே ஏற்ற முயல்கிறார்கள், தந்தை அதே வரியைச் சொல்கிறார், கடைக்காரர் போனை நீட்டி, ‘அண்ணாச்சி, ஒங்க மவ பேசுது’ என்கிறார். அவர் பிடியை விட்டுவிட்டு ஓடுகிறார், கிரைண்டர் சரிந்து விழுகிறது, அவர் வாங்கிய போனில் யாரும் இல்லை. அடுத்த கணம் நெஞ்சளவுத் தண்ணீரில் இறங்கிப் பள்ளியை நோக்கி நடக்கிறார். அவர் போய்ச் சேர்வதற்குள் ஆசிரியை குழந்தைகளை வேறொரு வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்.

முதல் வெட்டில் இந்த இரண்டு பகுதிகளும் இரண்டு வெவ்வேறு மழை நாட்களாகவே பலருக்குத் தோன்றின. ஒரே நாளை இரண்டு கோணத்தில் காட்டும்போது, இரண்டும் ஒரே கணத்தில் சந்திக்கும் ஓர் இடத்தை ஆணியடித்தாற்போல் நிறுத்த வேண்டும். அந்த இடம் தந்தையின் அந்த ஒற்றை வரி. படப்பிடிப்பில் அதை இரண்டு முறை தனித்தனியாகப் பேசவைத்திருந்தார்கள். ஒரு முறை ‘கிரைண்டரத் தூக்குல’ என்றும், மறுமுறை ‘கிரைண்டர மேல ஏத்துல’ என்றும் வந்துவிட்டது. வேகமும் வேறாக இருந்தது. கேட்பவர் மனம் அவற்றை இரண்டு பேச்சாகத்தான் எண்ணும். ஆகவே ஒரே பதிவை எடுத்து இரண்டு இடத்திலும் வைத்தோம். முதல் இடத்தில், போன் இணைப்பில் கடத்தப்படும் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிப் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வடிகட்டினோம். இரண்டாம் இடத்தில் அதே பதிவை முழுக் குரலாக வைத்தோம், வாயசைவு பொருந்தாத இடத்தை மறைக்கத் தந்தையின் முதுகைக் காட்டும் ஷாட்டைப் போட்டோம். சொல்லும் மூச்சும் நிறுத்தமும் அச்சு அசலாக ஒன்றாக இருந்ததால், இரண்டாம் முறை அந்த வரி வந்த கணத்திலேயே, இது அந்தப் போனின் மறுமுனை என்பது பார்ப்பவர்க்குத் தெரிந்துவிட்டது.

இதற்குத் துணையாக இன்னொன்று இருந்தது. கிரைண்டரின் எவர்சில்வர் விளிம்பில் ஒரு நெளிவு. நிகழ்காலத்தில் இரும்புக் கடைக்காரர் அதைத் தடவிப் பார்த்து, ‘ஓரம் நெளிஞ்சு கெடக்கே’ என்று விலையைக் குறைக்கிறார். இரண்டாம் பிளாஷ்பேக்கில் அது விழுந்து நெளிவதைப் பார்க்கிறோம். பொருளின் மீது விழும் இப்படிப்பட்ட காயம் காலத்தின் வரிசையைச் சொல்லித் தரும், ஏனென்றால் அது ஒரே திசையில்தான் நிகழும். ஆனால் அதற்கு விலை உண்டு. விழுவதற்கு முன் வரும் எல்லா ஷாட்டிலும் விளிம்பு ஒழுங்காக இருக்க வேண்டும். ஆகவே பழைய காலக் காட்சிகளை முதலில் எடுத்து முடித்து, கடைசியில் விளிம்பை நெளித்து, அதன் பிறகே நிகழ்காலக் காட்சிகளை எடுக்கும்படி படப்பிடிப்பு வரிசையை அமைக்க வேண்டியிருந்தது.

யார் சொல்கிறார்கள் என்பதும் கலங்காமல் இருக்க வேண்டும். முதல் பகுதி செண்பகத்தின் நினைவு, அதில் அவள் பார்க்காத எதுவும் வரக்கூடாது. முதல் வெட்டில் சிறுமி பள்ளி வாசலில் நிற்கும்போது, நடுவே தந்தை கிரைண்டரோடு போராடும் ஒரு ஷாட் இருந்தது. பார்ப்பதற்கு நன்றாக இருந்தாலும், அவளால் அதைப் பார்த்திருக்க முடியாது. அந்த ஷாட் இருக்கும்வரை பெரியம்மா சொல்வதில் புதிதாக ஒன்றும் இல்லை, இரண்டாம் பிளாஷ்பேக் எதற்கு என்ற கேள்வியும் எழுகிறது. அதை எடுத்துவிட்டோம். 1954இல் எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ படத்தில் ஒரு கொலையைப் பற்றிப் பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள். விசாரணை அதிகாரி ஒவ்வொருவரிடமும் கேட்க, அவர் சொல்ல, காட்சி விரிகிறது, மறுபடி விசாரணைக்கே திரும்புகிறது. சொல்பவரும் கேட்பவரும் கண்முன் இருப்பதால் அத்தனை பிளாஷ்பேக்குகளும் குழம்பாமல் நிற்கின்றன. எங்கள் இரண்டாம் பகுதியிலும் பெரியம்மாவின் குரலை முதல் மூன்று ஷாட்கள் வரை தொடரவிட்டு, பிறகு மழைக்குள் கரையவிட்டோம். கடைசிவரை குரல் ஓடினால் காட்சி வெறும் விளக்கப்படம் ஆகிவிடும்.

தந்தை மருத்துவமனையில் இருந்த நாட்களைக் காட்டும் மூன்றாவது காலம் ஒன்றும் எடுத்து வைத்திருந்தார்கள். நல்ல நடிப்பு. ஆனால் 12 நிமிடத்தில் மூன்றாவது காலத்துக்கு அடித்தளம் போட இடமில்லை. அதைப் பெரியம்மாவின் ஒரு வரி வசனமாக்கிவிட்டுக் காட்சியை நீக்கினோம்.

இவற்றில் பலவற்றைத் திரைக்கதையிலேயே கண்டுபிடித்திருக்கலாம். திரைக்கதையில் ஒவ்வொரு காட்சிக்கும் மேலே ‘பிளாஷ்பேக், 2005, பள்ளி வாசல், சிறுவயதுச் செண்பகம்’ என்று எழுதியிருக்கும். படிப்பவருக்கு எல்லாம் தெளிவாக இருக்கிறது, ஏனென்றால் தலைப்பு எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. பார்வையாளர்க்கு அந்தத் தலைப்பு கிடையாது. ஆகவே இப்போதெல்லாம், காட்சித் தலைப்புகளையும் பாத்திரப் பெயர்களின் முன்னுள்ள ‘சிறுவயது’ போன்ற அடைமொழிகளையும் நீக்கி, ‘ஒரு சிறுமி’, ‘ஓர் ஆள்’ என்று மட்டும் எழுதிய ஒரு பிரதியைத் தயாரித்து, கதை தெரியாத ஒருவரைப் படிக்கச் சொல்லும்படி இயக்குநர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அவர் எங்கே நின்று யோசிக்கிறாரோ, அங்கே படமும் தடுமாறும்.

வெட்டி முடித்த பிறகு செய்யும் சோதனையிலும் கேள்வி கேட்கும் முறை முக்கியம். ‘புரிந்ததா?’ என்று கேட்டால் எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள், உடனிருப்பவரின் மனம் நோகக்கூடாது என்ற மரியாதை அது. அதனால் நடந்ததை நடந்த வரிசையில், பழையதிலிருந்து தொடங்கிச் சொல்லும்படி கேட்கிறேன். படத்தில் வந்த வரிசையைத் தலைகீழாக்கி அடுக்கும்போது, மனத்தில் எது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். ‘அந்தப் பொண்ணு’ என்று சொல்லிவிட்டு ஒருவர் நிறுத்தினால், அவருக்கு அவள் யாரென்று உறுதியில்லை. ‘இன்னொரு நாள் மழையில’ என்று தொடங்கினால், போன் காட்சி சேரவில்லை. சொல்லும்போது குறுக்கே பேசித் திருத்தக்கூடாது, திருத்தினால் அதற்குப் பிறகு அவர் சொல்வதெல்லாம் நாம் கொடுத்ததாகிவிடும். படத்தை ஒருமுறை பார்த்தவர் அடுத்த வெட்டுக்குப் பயன்பட மாட்டார் என்பதால், ஒரே கூட்டத்தில் எல்லோருக்கும் காட்டிவிடாமல் புதிய ஆட்களை அடுத்தடுத்த வெட்டுகளுக்கு மிச்சம் வைத்துக்கொள்வதும் அவசியம்.

மாற்றங்கள் எல்லாம் செய்த பிறகு, மும்பையைப் பார்த்தே இராத தூத்துக்குடிக்காரர் ஒருவருக்கு அந்தப் படத்தைக் கைப்பேசியில் அனுப்பி, பார்த்துவிட்டுக் கதையைச் சொல்லச் சொன்னோம். சிறுமி செண்பகம்தான் என்பதிலும், இரண்டும் ஒரே மழை என்பதிலும் அவருக்குச் சந்தேகம் இல்லை. தந்தை நடந்துபோன தூரத்தை மட்டும் அவர் மிகப் பெரிதாக நினைத்திருந்தார், பள்ளி வேறோர் ஊரில் இருப்பதாக எண்ணியிருந்தார். வீட்டையும் பள்ளியையும் இணைக்கும் ஷாட் எங்களிடம் இல்லை. அதற்காக ஒரு வசனத்தைச் சேர்க்கலாமா என்று இயக்குநர் கேட்டார். காலமும் ஆட்களும் சரியாக இருக்கும்போது தூரம் கூடுதலாகத் தெரிவதால் கதைக்குக் கெடுதல் இல்லை என்று சொல்லி, அதை அப்படியே விட்டுவிட்டு ஒலிக்கலவைக்கு அனுப்பினோம்.